கரண்ட் பில் பாக்கின்னு மெசேஜ் வந்தா லிங்க்க தொடாதீங்க, பழைய பில்ல எடுங்க: எஸ்பி பில்ல வச்சு போலிய பிடிக்கிற முழு வழி

"உங்க எஸ்பி பில் இன்னும் கட்டல, 24 மணி நேரத்துக்குள்ள கட்டலைன்னா கரண்ட் நிறுத்தப்படும், கட்ட இங்க அமுக்குங்க". சிங்கப்பூர்ல இப்படி ஈமெயிலோ மெசேஜோ வராதவங்க ரொம்ப கொஞ்சம் பேராதான் இருப்பாங்க. பார்சல், பார்க்கிங் ஃபைன், ஈஆர்பி பாக்கின்னு வேற வேற பேர்லயும் வருது, ஆனா நான் இங்க எஸ்பி பில்ல மட்டும்தான் எடுத்துக்கிறேன், ஏன்னா கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் அந்த பில் வருது, கரண்ட் போயிடும்னு சொன்னா யாருக்கும் ஒரு செகண்ட் பக்குன்னு ஆகும், வீட்ல சின்ன புள்ளையோ வயசானவங்களோ இருந்தா கேக்கவே வேணாம்.

நிறைய பேர் போலி மெசேஜ கண்டுபிடிக்க எழுத்துப்பிழை இருக்கா, லோகோ மங்கலா இருக்கான்னு பாக்க சொல்றாங்க. அது இப்ப உதவாது. லோகோவ அப்படியே எடுத்து ஒட்டுறாங்க, இங்கிலீஷும் சுத்தமா இருக்கு. மெசேஜ எவ்வளவு உத்து பாத்தாலும் அது உண்மையான்னு அதுவே உங்களுக்கு சொல்லாது, உங்க கையில இருக்கிற உண்மையான பில்தான் சொல்லும். அதனால யாரு அனுப்பினா, எவ்வளவு தொகை, எந்த கணக்கு, இந்த மூணையும் பில்லோட வச்சு பாக்கணும். அஞ்சு நிமிஷ வேலைதான்.

முதல்ல உண்மையான பில்ல எடுத்து வைங்க

எஸ்பி ஆப் இருந்தா மெசேஜ்ல இருக்கிற லிங்க் வழியா போகாம, போன்ல ஏற்கனவே இருக்கிற ஆப்ப நீங்களே திறங்க. ஆப் இல்லைன்னா போன மாசம் வந்த பேப்பர் பில் இல்ல பழைய ஈபில் எடுங்க. அதுலயும் கிடைக்கலன்னா அப்பா அம்மா எங்க வச்சிருக்காங்கன்னு கேளுங்க, பாதி வீட்ல பழைய பில் எல்லாம் டிவி கீழ உள்ள டிராயர்ல தூங்கிக்கிட்டு இருக்கும்.

பில்ல கையில வச்சுட்டு சில இடங்கள பாத்துக்கோங்க. கணக்கு நம்பர், வீட்டு முகவரி, பில் தேதி, கட்ட வேண்டிய கடைசி தேதி, மொத்த தொகை. இதெல்லாம் எல்லாரும் பாக்கிறதுதான். ஆனா நமக்கு இப்ப வேண்டிய முக்கியமான இடம் வேற, போன பில் தொகை எவ்வளவு, அதுக்கு நீங்க கட்டினது எவ்வளவு, மிச்சம் எவ்வளவுன்னு காட்டுற பகுதி. பாக்கின்னு ஒண்ணு நெஜமாவே இருந்தா அது அங்க வந்தே ஆகணும். அங்க மிச்சம் பூஜ்யம்னு இருந்து, இந்த மாச பில்லுக்கு கடைசி தேதியும் இன்னும் வரலன்னா, பாக்கின்னு எவன் சொன்னாலும் அது பொய்.

இன்னொரு விஷயம் இங்க சொல்லிடணும். நம்ம பெரியவங்க இன்னும் இத பியூபி பில்னுதான் சொல்லுவாங்க, பழைய பழக்கம். இப்ப தண்ணிக்கு பொறுப்பு பியூபிதான், ஆனா வீட்டு தண்ணி கட்டணம் தனி பில்லா வராது, கரண்ட், கேஸ், குப்பை கட்டணம் இதோட சேர்ந்து எஸ்பி பில்லுக்குள்ளயே வரும். அதனால "பியூபி தண்ணி பில் பாக்கி"ன்னு தனியா லிங்க் வந்தா பேர் காதுக்கு பழக்கமா இருக்கேன்னு அம்மா நம்பிட வாய்ப்பு இருக்கு, முன்னாடியே சொல்லி வைங்க. அதே மாதிரி சில வீடுங்க கரண்ட வேற கம்பெனிகிட்ட வாங்குறாங்க, அவங்களுக்கு கரண்டுக்கு மட்டும் தனி பில் வரலாம். உங்க வீட்டுக்கு யாரு யாரு பில் அனுப்புறாங்கன்னு ஒரு தடவ உக்காந்து தெரிஞ்சு வச்சுக்கோங்க, அந்த லிஸ்ட்ல இல்லாத பேர்ல பாக்கி வந்தா அங்கயே விஷயம் முடிஞ்சுது.

அனுப்பினது யாரு

எஸ்எம்எஸ்ல வந்தா மேல இருக்கிற பேர பாருங்க. சிங்கப்பூர்ல 2023 ஜனவரி 31-லேர்ந்து கம்பெனிங்க பேர் போட்டு எஸ்எம்எஸ் அனுப்பணும்னா அந்த பேர முன்னாடியே பதிவு பண்ணியிருக்கணும், பண்ணாம வர்றதுக்கு `Likely-SCAM` னு தலைப்பு வந்துடும். 2021 கடைசில ஒரு பேங்க் பேர்ல வந்த போலி எஸ்எம்எஸ் எல்லாம் அந்த பேங்கோட உண்மையான மெசேஜ் வர்ற அதே வரிசைக்குள்ள போய் உக்காந்துச்சு, கிட்டத்தட்ட 790 பேர் மொத்தமா 13.7 மில்லியன் வெள்ளி இழந்தாங்க, அதுக்கப்புறம்தான் இந்த கட்டுப்பாடெல்லாம் இறுகிச்சு. அரசாங்க ஏஜென்சிங்க எஸ்எம்எஸ் 2024 ஜூலைலேர்ந்து `gov.sg` ங்கிற ஒரே பேர்ல வருது. எஸ்பி அரசாங்க ஏஜென்சி இல்ல, கம்பெனி, அதனால "எஸ்பி பில்லுக்கு gov.sg-லேர்ந்து ஏன் வரல"ன்னு குழம்ப வேணாம்.

எஸ்எம்எஸ் வழி கஷ்டமாகிட்டதால அவனுங்க இப்ப ஐமெசேஜ், வாட்ஸ்அப், ஈமெயில்னு மாறிட்டானுங்க. இதுல அந்த பதிவு பண்ற கட்டுப்பாடு எதுவும் கிடையாது. +63, +44 மாதிரி வெளிநாட்டு நம்பர்லேர்ந்தோ சம்பந்தமே இல்லாத ஈமெயில் முகவரிலேர்ந்தோ ஐமெசேஜ் வரும். அதுல ஒரு வரி இருந்தா கவனிங்க: "Y னு பதில் அனுப்பிட்டு மெசேஜ மறுபடி திறங்க". தெரியாத ஆள்கிட்டேர்ந்து வர்ற லிங்க்க ஐபோன் அமுக்க விடாது, நீங்க ஒரு பதில் போட்டுட்டா இவரு தெரிஞ்ச ஆள்தான்னு எடுத்துக்கிட்டு லிங்க்க திறந்து விட்டுடும். பூட்ட உங்க கையாலயே திறக்க வைக்கிற வேலை அது. இந்த வரி இருந்தாலே மேற்கொண்டு எதையும் பாக்க வேணாம்.

ஈமெயில்ல மேல தெரியற பேர நம்பாதீங்க, அது யார் வேணா என்ன வேணா எழுதிக்கலாம். அந்த பேர் மேல ஒரு தட்டு தட்டினா உள்ள இருக்கிற முழு முகவரி வரும். அத உங்களுக்கு இதுக்கு முன்னாடி வந்த உண்மையான எஸ்பி பில் மெயிலோட பக்கத்துல வச்சு பாருங்க, @ குறிக்கு பின்னாடி ஒவ்வொரு எழுத்தா.

லிங்க்கயும் இப்படித்தான் படிக்கணும், ஆனா இங்க நிறைய பேர் சறுக்குறாங்க. லிங்க்க அமுக்காம விரல அழுத்தி பிடிச்சா முகவரி தெரியும், சில போன்ல கூடவே அந்த பக்கத்தோட முன்னோட்டமும் வந்துடும் அதனால கம்ப்யூட்டர்ல மவுஸ மேல வச்சு பாக்கிறது இன்னும் நல்லது. எஸ்பியோட உண்மையான இணையதளம் `spgroup.com.sg`. இப்ப இந்த முகவரிய பாருங்க, கடைசில வர்ற பேர நான் மாத்தியிருக்கேன்:

```
https://spgroup.com.sg.bill-pay.example/sg/outstanding
```

இடது பக்கத்துலேர்ந்து படிச்சா `spgroup.com.sg` முழுசா கண்ணுல படுது, சரின்னு தோணிடும். முகவரிய அப்படி படிக்கக்கூடாது. https:// க்கு அப்புறம் வர்ற முதல் ஒத்த சாய்கோடு வரைக்கும் போங்க, அங்கேர்ந்து பின்னாடி திரும்பி வாங்க. அந்த கோட்டுக்கு முன்னாடி கடைசியா இருக்கிறது `bill-pay.example`, அதுதான் வீட்டு சொந்தக்காரன். அதுக்கு முன்னாடி ஒட்டியிருக்கிற `spgroup.com.sg` எல்லாம் அந்த சொந்தக்காரன் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கிட்டது. இந்த ஒரு பழக்கம் வந்துட்டா பாதி போலி இங்கயே கழண்டுடும். சுருக்கின லிங்க்கா இருந்தா படிக்கவே முடியாது, அப்ப படிக்க முயற்சியும் பண்ணாதீங்க, நேரா ஆப்புக்கு போங்க.

தொகை: யீஷூன் அக்கா வீட்டு கணக்கு

எங்களுக்கு தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க, யீஷூன்ல நாலறை வீடு, அவங்களுக்கு அக்டோபர்ல ஒரு ஈமெயில். பாக்கி 38 வெள்ளி 90 காசு, ஒரு நாளைக்குள்ள கட்டணும், கீழ பெருசா ஒரு பட்டன். அக்கா வீட்ல மாசம் சுமாரா 140, 150 வெள்ளி வரும், அப்ப 38 வெள்ளிங்கிறது பொருந்தாம இருக்கே, உடனே சந்தேகம் வந்திருக்கணுமேன்னு தோணும். வரல. ஏன்னா ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாசங்கள்ல எச்டிபி வீடுங்களுக்கு யூசேவ் சலுகை எஸ்பி கணக்குலயே வரவு ஆகும், அந்த மாசங்கள்ல கட்ட வேண்டிய தொகை திடீர்னு குறையும், சில வீட்ல ஒண்ணுமே கட்ட வேண்டியிருக்காது. "யூசேவ் போக மிச்சம் போல"ன்னு அக்கா நினைச்சாங்க. தொகை சின்னதா வேற இருக்கு, கட்டிட்டு வேலைய பாப்போம்னு கை போயிடும்.

நல்லவேளையா அவங்க மகன் பில்ல கேட்டான். ரெண்டு பேரும் உக்காந்து பாத்தாங்க. செப்டம்பர் பில் 142 வெள்ளி 65 காசு. அக்கா ஜைரோல கட்டுறவங்க, அதனால அடுத்து பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்தாங்க, எஸ்பி பேர்ல அதே 142.65 கழிஞ்சிருக்கு, காசு வரைக்கும் சரி. எஸ்பி ஆப்ல பாத்தா போன பில்லோட மிச்சம் பூஜ்யம். அக்டோபர் பில் இன்னும் போடவே இல்ல. அப்ப 38.90 எந்த மாசத்து பாக்கி? செப்டம்பர் கட்டியாச்சு, அக்டோபர் வரவே இல்ல, எந்த பில்லுக்கும் சொந்தமில்லாத தொகை. அங்க முடிஞ்சுது.

இதுலேர்ந்து எடுத்துக்க வேண்டியது, தொகைய ஞாபகத்தோட வச்சு பாக்காதீங்க, பில்லுல இருக்கிற தொகையோட வச்சு பாருங்க. "நம்ம வீட்டுக்கு இவ்வளவுதான வரும்"ங்கிற கணக்கு யூசேவ் மாசத்துல தப்பா போகும், ஊர்லேர்ந்து ஆள் வந்து தங்கி ஏர்கான் ஓடின மாசத்துலயும் தப்பா போகும். மெசேஜ்ல இருக்கிற தொகை எந்த தேதி போட்ட பில்லுல, எந்த வரில இருக்குன்னு விரல வச்சு காட்ட முடியணும். காட்ட முடியலன்னா கட்டாதீங்க.

இதுக்கு ஒரு விதிவிலக்கும் சொல்றேன். ஜைரோல கட்டுறவங்களுக்கும் நெஜமாவே பாக்கி விழலாம், கழிக்கிற நாள்ல பேங்க்ல காசு பத்தலன்னா ஜைரோ திரும்பிடும். அந்த நேரம் பாத்து போலி மெசேஜும் வந்து விழுந்தா ரெண்டும் ஒண்ணா தெரியும். அப்பவும் வழி அதேதான், பாக்கி உண்மையா இருந்தா ஆப்ல இருக்கும், ஆப்லேர்ந்தே கட்டுங்க, பாக்கி உண்மைங்கிறதால லிங்க்கும் உண்மைன்னு ஆகிடாது. 24 மணி நேர மிரட்டல் பத்தியும் சேத்து சொல்லிடறேன், நெஜமா பில் தங்கிட்டா முதல்ல நினைவூட்டல் வரும், அப்புறம் நோட்டீஸ், ஒரே ஒரு மெயில போட்டுட்டு அன்னிக்கு ராத்திரியே வந்து கரண்ட நிறுத்துற வழக்கம் இல்ல.

கணக்கு: உங்க நம்பரும், காசு போற இடமும்

கணக்குன்னா இங்க ரெண்டு இருக்கு. ஒண்ணு உங்க எஸ்பி கணக்கு நம்பர். போலி மெசேஜ்ல பெரும்பாலும் நம்பரே இருக்காது, "அன்புள்ள வாடிக்கையாளரே"ன்னு ஆரம்பிக்கும், இல்ல நம்பர் மாதிரி எதையாவது போட்டிருப்பானுங்க. பில்ல பக்கத்துல வச்சு முழு நம்பரையும் பாருங்க, கடைசி நாலு இலக்கம் மட்டும் பாத்தா போதாது. நம்பர் பொருந்தலன்னா போலிதான். ஆனா நம்பர் பொருந்துறதாலயே உண்மைன்னு முடிவு பண்ணாதீங்க, தூக்கி போட்ட பேப்பர் பில்லுலேர்ந்தோ உங்க ஈமெயிலுக்குள்ள யாராவது பூந்தோ அந்த நம்பர எடுத்திருக்கலாம். பில்ல குப்பைல போடும்போது கிழிச்சு போட சொல்றது அதுக்குத்தான்.

இன்னொண்ணு, காசு வாங்கிக்கிற கணக்கு. கியூஆர் குடுத்தாலோ பேநவ்ல அனுப்ப சொன்னாலோ, உறுதிப்படுத்துறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல வாங்குறவங்க பேர் வரும், அங்க நிதானமா நிறுத்துங்க. கம்பெனிக்கு பேநவ் போனா அது யூஇஎன்ங்கிற கம்பெனி பதிவு நம்பருக்கு போகும். கைபேசி நம்பருக்கு அனுப்ப சொன்னாலோ, தனி ஆள் பேர் வந்தாலோ, உங்களுக்கு தெரியாத ஏதோ ஒரு டிரேடிங் கம்பெனி பேர் வந்தாலோ, வெளிய வந்துடுங்க. பேர் மட்டும் சரியா தெரியுதுன்னும் விட்டுடாதீங்க, எதுக்கு போகுது, யூஇஎன்னுக்கா கைபேசி நம்பருக்கான்னும் பாருங்க.

கட்டுறதுக்கு நான் சொல்ற நேர்வழி எஸ்பி ஆப், இல்ல உங்க பேங்க் ஆப்ல பில் கட்டுற பகுதிக்கு போய் அங்க இருக்கிற பட்டியல்லேர்ந்து எஸ்பிய நீங்களே தேடி எடுத்து கணக்கு நம்பர பில்ல பாத்து அடிக்கிறது. வயசானவங்களுக்கு புளோக் கீழ இருக்கிற ஏஎக்ஸ்எஸ் மெஷினும் இருக்கு. இந்த வழிகள்ல யாரும் அனுப்பின லிங்க்குக்கு வேலையே இல்ல.

கார்ட் நம்பர் கேக்கிற பக்கம் வரைக்கும் போயிட்டீங்கன்னா

சின்ன தொகை கேக்கிறதுக்கு காரணம் இங்கதான் இருக்கு. அவனுக்கு உங்க 38 வெள்ளி வேணாம், கார்ட் நம்பர், பின்னாடி இருக்கிற மூணு இலக்கம், அப்புறம் ஓடிபி, இதுதான் வேணும். ஓடிபி எஸ்எம்எஸ் வந்தா அவசரத்துல எல்லாரும் ஆறு இலக்கத்த மட்டும் பாத்து அடிக்கிறாங்க, அந்த மெசேஜ முழுசா படிங்க. எந்த கடைக்கு, எந்த பணத்துல, எவ்வளவுன்னு அதுலயே இருக்கும். எஸ்பிக்கு 38 வெள்ளி கட்டப்போய் ஓடிபில ஏதோ ஒரு வெளிநாட்டு கடை பேரும் ஆயிரத்து சொச்சம் யூரோவும் இருந்தா புரிஞ்சுடும். இன்னும் மோசமான ஒண்ணு, உங்க கார்ட ஆப்பிள் பே மாதிரி போன் வாலட்ல சேக்கிறதுக்கான ஓடிபி. அத குடுத்துட்டா உங்க கார்ட் அவன் போனுக்குள்ள போயிடும், அடுத்தடுத்து கடைல தட்டி தட்டி வாங்குவான், அதுக்கு உங்களுக்கு மறுபடி ஓடிபியே வராது. பேங்க் ஆப்ல அனுமதி கேட்டு வந்தாலும் இதே கதைதான், கடை பேரையும் தொகையையும் படிக்காம அமுக்காதீங்க.

ரூம் வாடகைக்கு இருக்கிற தம்பிங்களுக்கு

ரூம் எடுத்து தங்குறவங்களுக்கு பெரும்பாலும் எஸ்பி கணக்கே அவங்க பேர்ல இருக்காது, வீட்டுக்காரர் பேர்ல இருக்கும், நீங்க பங்கு மட்டும் குடுக்கிறீங்க. உங்க பேர்ல கணக்கே இல்லாதப்ப உங்க பேர்ல பாக்கி வர வழியில்ல. இருந்தும் "கட்டலைன்னா பர்மிட்டுக்கு பிரச்சினை வருமோ"ன்னு பயந்து கட்டிடுறாங்க. வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டு "அண்ணே, எஸ்பி பில் பாக்கி ஏதும் இருக்கா, ஆப்ல பாத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க"ன்னு கேட்டா போதும். வீட்டுக்காரரே லிங்க்க ஃபார்வர்ட் பண்ணினாலும் அதுல கட்டாதீங்க, அவருக்கும் எவனோ அனுப்பினதா இருக்கும்.

ஏற்கனவே குடுத்துட்டீங்கன்னா

லிங்க்க அமுக்கி பாத்துட்டு எதுவும் அடிக்காம வந்துட்டீங்கன்னா பெரும்பாலும் பிரச்சினை இல்ல, ஆனா ஏதாவது ஆப் இறக்க சொல்லி ஆண்ட்ராய்டு போன்ல இறக்கியிருந்தா உடனே போன ஏர்பிளேன் மோட்ல போட்டு வேற போன்லேர்ந்து பேங்க்குக்கு பேசுங்க.

கார்ட் விவரம் குடுத்திருந்தா முதல் வேலை பேங்க் ஆப்ல கார்ட லாக் பண்றது, அடுத்து பேங்கோட 24 மணி நேர நம்பர், அத கார்டுக்கு பின்னாடி பாத்து அடிங்க, கூகிள்ல தேடாதீங்க. பேங்க் கணக்கு விவரமும் போயிருந்தா கணக்கையே முடக்குற கில் சுவிட்ச் வசதி பேங்க்ல இருக்கு, அதையும் கேளுங்க. பேசும்போது கார்ட நிறுத்துறதோட விடாம "என் கார்ட் வேற யார் போன் வாலட்லயாவது சேர்ந்திருக்கா, இருந்தா எடுத்து விடுங்க"ன்னு வாய் திறந்து கேளுங்க, நிறைய பேர் இத கேக்கிறதில்ல.

சந்தேகம் மட்டும்தான், குடுத்தோமா இல்லையான்னு தெளிவில்லன்னா 1799-க்கு அடிங்க, அது ஸ்கேம்ஷீல்ட் உதவி நம்பர், எந்த நேரமும் எடுப்பாங்க. ஸ்கேம்ஷீல்ட் ஆப்லயும் அந்த மெசேஜயோ லிங்க்கயோ போட்டு சரிபாக்கலாம், ஆனா புது லிங்க்கா இருந்தா அதுக்கு இன்னும் தெரிஞ்சிருக்காது, தெரியலன்னு பதில் வந்தா அத நல்ல லிங்க்னு எடுத்துக்காதீங்க.

காசு போயிருந்தா போலீஸ் ரிப்போர்ட்டும் குடுக்கணும், ஆன்லைன்லயே குடுக்கலாம். அதுக்கு முன்னாடி கோவத்துல மெசேஜ அழிச்சுடாதீங்க. அனுப்பினவன் நம்பர் இல்ல ஈமெயில் முகவரி, முழு லிங்க், ஓடிபி வந்த நேரம், பேங்க்ல காசு கழிஞ்ச வரி, எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு, கூடவே உண்மையான எஸ்பி பில்லையும் எடுத்து வைங்க.